இரண்டாவது மொழி சேர்த்தபின் ஸ்பீக்கர் ஏன் தடுமாறுகிறது?

“நேற்றுவரைக்கும் ஒழுங்காத்தான் சார் கேட்டுச்சு. இந்தியைச் சேர்த்ததிலிருந்து ஃபேனை ஆஃப் பண்ணச் சொன்னா பாட்டுப் போடுது.”

வீடுகளில் ஸ்மார்ட் கருவிகள் பொருத்திக் கொடுப்பது என் வேலை. இப்படிப்பட்ட அழைப்பு அடிக்கடி வரும். அழைப்பவர் அதற்குள் ஸ்பீக்கரை ரீசெட் செய்து பார்த்திருப்பார். அதனால் பயனில்லை. விளக்கு, ஃபேன்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன. மறுபடி இணைத்து அதே இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுத்ததும் கோளாறும் கூடவே திரும்பிவிடும்.

ஒரே மொழி இருந்தவரை ஸ்பீக்கருக்கு ஒரு கேள்விதான்: என்ன சொன்னார்கள்? இரண்டாவது மொழி வந்ததும் அதோடு இன்னொன்று சேர்கிறது: எந்த மொழியில் சொன்னார்கள்? கூகுள் 2018-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது அது இயங்கும் விதத்தையும் விளக்கியிருந்தது. பேச்சை எழுத்தாக்கும் இரண்டு நிரல்கள், மொழிக்கு ஒன்றாக, ஒரே நேரத்தில் ஓடும். பேசப்படுவது எந்த மொழி என்று இன்னொரு நிரல் கணித்துக்கொண்டே வரும். கடைசியில் ஒரு நிரலின் எழுத்து மட்டும் எடுத்துக்கொள்ளப்படும், மற்றது போய்விடும்.

மொழியைக் கணிக்கப் போதுமான ஒலி வேண்டும். நீளமான வாக்கியத்தில் அது கிடைக்கும். “ஃபேன் ஆஃப்” என்ற இரண்டே அசையில் என்ன கிடைக்கும்? ஆங்கிலம் பேசுபவரும் அப்படித்தான் சொல்வார், இந்தி பேசுபவரும் அப்படித்தான் சொல்வார். ஆகவே பழக்கத்தில் சுருங்கிப்போன கட்டளைகள்தான் முதலில் உடையும்.

போன மாதம் போன வீட்டைச் சொல்கிறேன். அப்பாவும் மகளும் ஆங்கிலத்தில் கட்டளையிட்டுப் பழகியவர்கள். உடன் வந்து தங்கிய அப்பாவின் மாமியாருக்கு இந்திதான் வரும் என்பதால் இரண்டாவது மொழியாக அதைச் சேர்த்திருந்தார்கள். புகார் மூன்று. அப்பாவின் “ஃபேன் ஆஃப்” சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. மாமியார் ஹால் விளக்கை அணைக்க “பைட்டக் கீ பத்தி பந்த் கரோ” என்றால் அப்படி ஒரு கருவி இல்லை என்கிறது. மகள் படுக்கப் போகும்போது சொல்லும் ஒரே வாக்கியத்தில் எல்லா விளக்கும் அணையும்படி ஒரு ரொட்டீன் வைத்திருந்தாள். பாட்டி அதையே இந்தியில் சொன்னால் ஸ்பீக்கர் இனிய இரவு வாழ்த்து மட்டும் சொல்கிறது.

மூன்றும் ஒரே கோளாறு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நான் எந்த செட்டிங்கையும் தொடும் முன் ஆப்பில் குரல் வரலாற்றைத் திறப்பேன். நீங்கள் பேசியதை ஸ்பீக்கர் எப்படி எழுதிக்கொண்டது என்பது அங்கே வரிவரியாக இருக்கும். நோயறிய அந்தப் பக்கம் போதும்.

அப்பாவின் கட்டளைகளில் தவறியவை அத்தனையும் தேவநாகரி எழுத்தில் ஏதோ சம்பந்தமில்லாத சொற்களாகப் பதிவாகியிருந்தன. மொழிக் கணிப்பு தவறியதற்கு அதுதான் அடையாளம். மாமியார் சொன்னதோ எழுத்துப் பிசகாமல் இந்தியில் இருந்தது! கேட்டதில் குறையில்லை, ஆனால் ஆப்பில் அந்த விளக்கின் பெயர் `Hall Light`. “பைட்டக் கீ பத்தி” என்பது அதே விளக்குதான் என்று ஸ்பீக்கருக்கு யார் சொன்னார்கள்? கருவிக்கு வைத்த பெயரை அது மொழிபெயர்ப்பதில்லை, எழுதிவைத்தபடி ஒப்பிட்டுப் பார்க்கும். ரொட்டீனும் அப்படியே. அதைத் தூண்டும் வாக்கியம் ஆங்கிலத்தில் மட்டுமே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

வரலாற்றில் பதிவே இல்லையென்றால் மொழியைக் குறை சொல்லாதீர்கள். “அலெக்சா” போன்ற எழுப்பும் சொல்லே ஸ்பீக்கருக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். மைக் அணைந்திருக்கிறதா, ஸ்பீக்கர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவின் விஷயத்தை உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. இரண்டு மொழியும் இருக்கும்போது “ஃபேன் ஆஃப்” என்று பத்து முறை சொல்லச் சொன்னேன். ஆறு முறை பலித்தது. “டர்ன் ஆஃப் த பெட்ரூம் ஃபேன்” என்று பத்து முறை; பத்தும் பலித்தது. இந்தியை நீக்கிவிட்டுப் பழைய சுருக்கத்தைப் பத்து முறை. அதுவும் பத்தும் பலித்தது. மைக்கும் இணையமும் சரி என்று இதிலேயே தெரிந்துவிட்டது. தீர்வு கட்டளையை நீட்டுவதுதான். வினைச்சொல், அறையின் பெயர், கருவியின் பெயர் மூன்றும் இருந்தால் கணிப்புக்குப் பிடி கிடைக்கிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் இரண்டு மொழியும் இருக்கும்வரை வேறு வழியும் இல்லை.

விளக்குக்கு `Hall Light` என்ற பெயரை அப்படியே விட்டேன். பெயரை இந்திக்கு மாற்றினால் அப்பா, மகள் பக்கம் உடையும். ஒரு மொழிச் சொல்லை இன்னொரு மொழி வாக்கியத்துக்குள் போட்டுப் பேசச் சொல்வதும் ஆகாது. அப்படிக் கலந்து பேசினால் எல்லா ஸ்பீக்கரும் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் மாமியாருக்கென்று இரண்டு ரொட்டீன்கள் செய்தேன். தூண்டும் வாக்கியத்தை அவர் வாயில் வருகிறபடியே தேவநாகரியில் தட்டச்சு செய்து, செயலாக அந்த விளக்கை அணைப்பதையும் ஏற்றுவதையும் வைத்தேன். மகளின் இரவு ரொட்டீனுக்கும் இந்தியில் ஒரு பிரதி. நீங்கள் செய்யும்போது அவரை எதிரில் உட்காரவைத்து, அவர் இயல்பாக எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அகராதிச் சொல்லைப் போட்டால் அவர் ஒருபோதும் அதைச் சொல்லப் போவதில்லை.

பெயர்களில் எண் இருந்தால் எடுத்துவிடுங்கள். `Lamp 2` என்பதை ஒருவர் “டூ” என்பார், இன்னொருவர் “தோ” என்பார்.

மொழிப் பட்டியலில் கவனிக்க இன்னொன்று உண்டு. அலெக்சாவில் மொழிகள் தயாராகச் சேர்த்த ஜோடிகளாகவே வரும். இந்தியாவில் இந்தியோடு வருவது இந்திய ஆங்கிலம். அதுவரை அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருந்தவருக்கு இந்த ஜோடியைத் தொட்டதும் ஆங்கிலமும் சேர்ந்தே மாறிவிடுகிறது. அலெக்சாவுக்கு வெளியார் எழுதும் கூடுதல் செயலிகளான ஸ்கில்கள் ஒவ்வொரு மொழி வகைக்கும் தனித்தனியாக வெளியிடப்படுவதால், அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த ஒன்று அப்போது காணாமல் போகலாம். நேற்றுவரை ஓடிய ஒரு ஸ்கில் மட்டும் திடீரென்று ஓடவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

அந்த வீட்டில் மீதமிருந்த சிக்கலுக்கு வேறு காரணம். அப்பாவும் மகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது தமிழில். ஸ்பீக்கரை எழுப்பிவிட்டு, “இருடா, நான் சொல்றேன்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் அதையும் ஆங்கிலம் அல்லது இந்தி என்ற இரண்டில் ஒன்றாகத்தான் எழுதியாக வேண்டும். வரலாற்றில் இருந்த வேடிக்கையான இந்தி வரிகளில் சில அப்படிப் பிறந்தவை. எழுப்பியபின் கட்டளை முடியும்வரை யாரும் பேசாமல் இருப்பது ஒன்றே இதற்கு வழி.

இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன். மாமியாருக்கு எல்லாம் நடக்கிறது. அப்பாவுக்குத்தான் பழைய சுருக்கம் வாயை விட்டுப் போகவில்லை. அவர் அறையில் தனி ஸ்பீக்கர் இருந்தது. மொழியைக் கருவிக்குக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதில் மட்டும் இந்தியை எடுத்துவிட்டோம். மொழி கணக்கோடு சேர்ந்து அமைந்திருக்கும் ஸ்பீக்கர்களில் இந்தச் சலுகை இல்லை. அங்கே அவர் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும்.