இரண்டு கொழுப்புமானிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன?

பாதங்களின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி உடல் கொழுப்பைக் கணிக்கும் எடைக்கருவியை, எக்ஸ் கதிர் கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேனுடன் ஒப்பிடுவோர் பெரும்பாலும் முதலில், இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைத்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஒரு கருவி எல்லோருக்கும் 5 சதவீதப் புள்ளி குறைத்தே காட்டினாலும் அந்தக் கெழு முழுதாக 1 என்றே வரும். இக்குறையைச் சுட்டிக்காட்டிய புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் முன்வைத்த வரைபடம், ஒவ்வொருவருக்கும் இரு கருவிகள் தரும் அளவுகளின் வித்தியாசத்தைச் செங்குத்து அச்சிலும், அவற்றின் சராசரியைக் கிடை அச்சிலும் குறிக்கிறது. டெக்ஸாவும் பிழையற்றதன்று என்பதால் சராசரி எடுக்கப்படுகிறது. மேலும், வித்தியாசத்தை ஒரு கருவியின் அளவுக்கு எதிராக மட்டும் வரைந்தால், இல்லாத சரிவு ஒன்று இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 40 பேரை இரு கருவிகளிலும் அளந்து, எடைக்கருவியின் அளவிலிருந்து டெக்ஸாவின் அளவைக் கழித்தால், வித்தியாசங்களின் சராசரி −2, அவற்றின் சிதறலை அளக்கும் திட்டவிலக்கம் 3 என்று கொள்வோம். 1.96ஐ 3ஆல் பெருக்கினால் கிடைக்கும் 5.9ஐச் சராசரியிலிருந்து கழித்தும் கூட்டியும் பெறும் −7.9, +3.9 ஆகியவையே ஒப்புமை எல்லைகள். வித்தியாசங்கள் ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் இருந்தால், சுமார் 95 சதவீதம் இவற்றுக்குள் அடங்கும். அதாவது டெக்ஸாவில் 30 சதவீதம் பெறும் ஒருவருக்கு எடைக்கருவி 22 என்றும் காட்டக்கூடும், 34 என்றும் காட்டக்கூடும். சராசரி வித்தியாசம் வெறும் 2தானே என்று ஆறுதல் கொள்வோர் இந்த அகலத்தைக் கவனிப்பதில்லை. அந்த எல்லைகளும் மதிப்பீடுகளே: 40 பேரை வைத்து −7.9 என்று கணித்த கீழெல்லையின் உண்மை மதிப்பு −9.5க்கும் −6.2க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

என் கணிப்பில், அதிகம் ஏமாற்றுவது சாய்வான புள்ளிக்கூட்டம்தான். மின்னோட்டம் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடலின் மின்மறுப்பிலிருந்து நீரளவைக் கணித்து, உயரம், எடை, வயது, பாலினம் சேர்ந்த ஒரு சமன்பாட்டின் வழியாகவே கொழுப்பை ஊகிக்கிறது. எனவே மெலிந்தவர்களுக்குச் சற்றுக் கூட்டியும், கொழுப்பு மிகுந்தவர்களுக்குக் குறைத்தும் காட்டும் போக்கு அதற்கு ஏற்படலாம். நம் 40 பேரில் மிக மெலிந்தவர்களுக்கு +2, மிகப் பருத்தவர்களுக்கு −6 என்று வித்தியாசம் அமைந்தாலும் மொத்தச் சராசரி −2 என்றே வரக்கூடும். அந்த −2 இரு தரப்பினருக்குமே பொருந்தாது. புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதே இதன் அடையாளம். அப்போது சராசரியையும் எல்லைகளையும் குறிக்கும் கிடைக்கோடுகளைக் கைவிட்டு, வித்தியாசத்தைச் சராசரியோடு தொடர்புபடுத்தும் சாய்கோட்டைப் பொருத்தி, அக்கோட்டைச் சுற்றிய சிதறலைக்கொண்டு எல்லைகளை வரைய வேண்டும்.

எவ்வளவு அகலம் வரை பொறுக்கலாம் என்பதை வரைபடம் சொல்லாது. ஓராண்டில் 3 புள்ளி மாற்றத்தைக் கண்டறிய விரும்பும் ஆய்வாளர், அளவீட்டைத் தொடங்குமுன்பே தாம் பொறுக்கக்கூடிய அகலத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லைகளைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், எந்த அகலமும் ஏற்கத்தக்கதாகவே தோன்றும்.