போட்டோவில் வந்த pH தாளும் தொலைந்துபோகும் ‘2’-உம்

பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அமிலம், காரம் பாடத்தின் பயிற்சித்தாள் பெரும்பாலும் செல்போன் படமாகத்தான் வந்து சேர்கிறது. விடை தப்பானால் பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்கிறோம். பல நேரம் தப்பு அந்தப் படத்தில் இருக்கிறது.

முதலில் நிற அட்டவணை. பொது நிறங்காட்டி வலிமையான அமிலத்தில் சிவப்பு, pH 7-இல் பச்சை, வலிமையான காரத்தில் ஊதா காட்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்தால், பச்சைக் கட்டம் மஞ்சளை நோக்கி நகர்ந்துவிடும். அப்போது 7 என்பதைப் பிள்ளை 6 என்று படிக்கும். அட்டவணையை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தாலும் சிக்கல்தான். ஒரே நிறம் படம் முழுக்க இருந்தால் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தாளின் வெள்ளை ஓரத்தைப் பார்ப்பது. ஓரம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், அந்த அட்டவணையின் எந்த நிறத்தையும் வைத்து எண் சொல்லாதீர்கள். பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்து, வெள்ளை ஓரமும் விழும்படி திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

நிறம் சரியாகத் தெரிந்தாலும் அதைப் படிப்பதில் ஒரு தவறு அடிக்கடி வருகிறது. “ஒரு கரைசல் மெத்தில் ஆரஞ்சில் மஞ்சளாகவும், பினாப்தலீனில் நிறமில்லாமலும் இருக்கிறது. அதன் pH என்ன?” இதற்கு ‘7, நடுநிலை’ என்றுதான் நிறைய பேர் எழுதுகிறார்கள். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். பினாப்தலீன் ஏறக்குறைய 8.2 வரை நிறமற்றது, அதற்கு மேல்தான் இளஞ்சிவப்பு. ஆகவே இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து சொல்வது, pH 4.4-க்கும் 8.2-க்கும் நடுவில் இருக்கிறது என்பதை மட்டுமே. லேசான அமிலமாகவும் இருக்கலாம், லேசான காரமாகவும் இருக்கலாம். நிறங்காட்டி ஒரு எல்லையைச் சொல்லும், ஒற்றை எண்ணைச் சொல்லாது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதை வீட்டில் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. அதே மஞ்சள் தண்ணீரில் புளிக்கரைசலை ஊற்றினால் நிறம் மாறாது. மாறவில்லை என்பதால் புளி நடுநிலை ஆகிவிடுமா?

அடுத்தது சிறிய எழுத்துகள். படம் அனுப்பும்போது சுருங்குவதால் முதலில் அழிவது அடுக்கு எண்ணும் கீழ்க்குறியும்தான். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10⁻³ என்பது 10⁻⁸ போலத் தெரியும். முதலாவதற்கு pH 3, அடுத்ததற்கு pH 8. ஹைட்ரஜன் அயனி அளவில் இது 1,00,000 மடங்கு வித்தியாசம். வினாவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இருந்தால் pH 8 வரவே வராது. அங்கேயே நின்று மூலத்தாளைக் கேட்க வேண்டும்.

நடுநிலையாக்கல் கணக்கில் கீழ்க்குறி இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒரு கணக்கைப் பார்ப்போம்: 25 மில்லி லிட்டர், 0.2 மோலார் NaOH-ஐ நடுநிலையாக்க 0.1 மோலார் H₂SO₄ எவ்வளவு வேண்டும்? படத்தில் H-க்குப் பக்கத்திலுள்ள 2 மங்கிப்போனால், பிள்ளை HCl கணக்கைப் போலவே ஒன்றுக்கு ஒன்று என்று வைத்து 50 மில்லி என்று எழுதிவிடும். சூத்திரத்தில் 25 × 0.2 = 0.1 × V என்று போட்டாலும் அதே 50-தான் வரும். கணக்கில் பிழை இல்லாததால் தவறு கண்ணில் படுவதில்லை.

முதலில் சமன்பாட்டை எழுதுங்கள்:

2NaOH + H₂SO₄ → Na₂SO₄ + 2H₂O

0.025 லிட்டரை 0.2-ஆல் பெருக்கினால் NaOH 0.005 மோல். ஒரு மோல் அமிலம் இரண்டு மோல் NaOH-ஐத் தீர்க்கும். ஆகவே அமிலம் 0.0025 மோல் போதும். அதை 0.1-ஆல் வகுத்தால் 0.025 லிட்டர், அதாவது 25 மில்லி. தவறாக வந்த 50-இல் பாதி அளவு அமிலமே தேவை.

கீழ்க்குறி மங்கினால் எப்படித் தெரிந்துகொள்வது? வினாவில் எங்காவது கந்தக அமிலம், சல்பேட் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். உப்பின் பெயர் சோடியம் சல்பேட் என்றால் இரண்டு சோடியம் வேண்டும், ஆகவே இரண்டு NaOH வேண்டும். தாளை அனுப்புகிறவர்களும் H₂SO₄ என்ற வாய்பாட்டுக்குப் பக்கத்தில் ‘கந்தக அமிலம்’ என்று தமிழில் ஒருமுறை எழுதிவிட்டுப் படம் எடுத்தால், அந்த 2 மங்கினாலும் பிள்ளையின் விடை 50-க்குப் போகாது.