15 நிமிடத்தில் 6,000 கிலோமீட்டர்: கணக்கு முடங்குவது எப்படி?

காலை 9.10-க்கு ஒருவர் வீட்டுக் கணினியில் தன் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கிறார். 9.25-க்குப் புதிதாக வாங்கிய செல்பேசியில், இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டுக்கொண்டு மறுபடியும் திறக்கிறார். அந்த விபிஎன் சர்வர் 6,000 கிலோமீட்டர் தள்ளி வேறொரு நாட்டில் இருக்கிறது. சற்று நேரத்தில் ‘சந்தேகத்துக்குரிய செயல்பாடு’ என்ற அறிவிப்போடு கணக்கு முடங்குகிறது.

நடந்தது வெறும் வகுத்தல். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்து இடத்தை ஊகிக்கும் மென்பொருள், தூரத்தை நேரத்தால் வகுத்தது. மணிக்கு 24,000 கிலோமீட்டர் என்று விடை வந்தது. பயணிகள் விமானமே சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். ‘இயலாத பயணம்’ என்று இதற்குச் சில சந்தேக மதிப்பெண்கள் விழுந்தன. இதுவரை பார்க்காத செல்பேசி என்பதால் இன்னும் சில. உள்ளே போனதும் அவர், கணக்கை மீட்கப் பயன்படும் தொலைபேசி எண்ணான மீட்பு எண்ணையும் மாற்றினார். கணக்கைத் திருடியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டியது.

இப்படி அப்பாவிகள் மாட்டுவதற்கு மென்பொருள் மோசமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் 10 லட்சம் நுழைவுகள், அவற்றில் 1,000 மட்டும் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். திருட்டில் 99 சதவீதத்தைப் பிடித்து, நல்லவற்றில் 1 சதவீதத்தை மட்டுமே தவறாகப் பிடிக்கும் கருவி நல்ல கருவிதான். ஆனாலும் அது 990 திருடர்களோடு 9,990 அப்பாவிகளையும் பிடித்துவிடும். சிக்கிய பதினொருவரில் பத்துப் பேர் குற்றமற்றவர்கள்! திருட்டு அரிது என்பதே இதற்குக் காரணம்.

முடங்கிய கணக்கைத் திறக்கக் கோரி அனுப்பும் மேல்முறையீட்டை மனிதர் படிக்கும்போது, அவர் முன் பெரும்பாலும் நேரம், ஐபி, சாதனம் அடங்கிய பதிவேடு இருக்கும். ‘நான் எந்தத் தவறும் செய்யவில்லை, உடனே திறந்துவிடுங்கள்’ என்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. திருடனும் அதையேதான் எழுதுவான். ஒப்பிடக்கூடியதாக இப்படி எழுதலாம்:

“இன்று 9.10-க்கு வீட்டுக் கணினியிலும், 9.25-க்கு விபிஎன் வழியாகப் புதிய செல்பேசியிலும் நுழைந்தவன் நானே. மீட்பு எண்ணை மாற்றியதும் நானே. பழைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதற்குக் குறியீடு அனுப்பிச் சரிபார்க்கலாம். விபிஎன்னை நிறுத்திவிட்டேன். கணக்கை மறு ஆய்வு செய்யக் கோருகிறேன்.”

இதில் நேர மண்டலத்தையும் சேர்ப்பது நல்லது; பதிவேடுகள் பெரும்பாலும் UTC என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். கடவுச்சொல்லையோ வந்த குறியீட்டையோ எழுதவே கூடாது. பதில் வரும்வரை அதே சாதனத்தில் புதுக் கணக்கு தொடங்குவதும் வினையாகும். தடையை மீற முயல்வதாக மென்பொருள் அதையும் இணைத்துப் பார்க்கக்கூடும்.

9.25 நுழைவு உங்களுடையது இல்லையென்றால் மேல்முறையீடே வேறு. அப்போது, ‘9.10 வரை நான், அதன்பின் நடந்தது எதுவும் என்னுடையதல்ல’ என்று பிரித்து எழுதி, மீட்பு எண் மாற்றத்தை ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.