ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாலியல் கல்வியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

பாலியல் கல்வி என்றதும் பலருக்கு நினைவு வருவது உயர்நிலை வகுப்பு உயிரியல் புத்தகத்தில் ஆசிரியர் தாண்டிப் போன பாடம்தான். அதை ஐந்து வயதிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டால் பதறுவது இயல்பு. ஆனால் அந்த வயதுக்கு என்று வகுத்திருக்கும் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பதற்றத்துக்கு அதிகம் இடமில்லை.

இதற்கான பொது வழிகாட்டியை யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உள்ளிட்ட பிற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் அதைத் திருத்தி எழுதியது. 5 முதல் 8 வயது, 9 முதல் 12, 12 முதல் 15, 15க்கு மேல் என்று நான்கு படிகளாக அது பாடத்தைப் பிரிக்கிறது. இது சட்டமல்ல. எந்த நாடும் தன் பாடத்திட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஓர் உரிமையும் இருக்கிறது: 1989இன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, பாலியல் துன்புறுத்தலிலிருந்து குழந்தையைக் காக்கக் கல்வி வழியாகவும் நடவடிக்கை எடுக்கும்படி அரசுகளைக் கேட்கிறது. வளரிளம் பருவத்தினருக்கு வயதுக்கேற்ற பாலியல் கல்வி கட்டாயப் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016இல் சொன்னது.

முதல் படியில் உடலுறவு பற்றிய விளக்கம் பாடமாக வருவதில்லை. கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்தால் கர்ப்பம் உண்டாகிறது என்ற அளவில் நின்றுவிடும். மீதியில் முக்கியமானவை உடல் உறுப்புகளின் பெயர்கள், என் உடலை யார் தொடலாம் என்பதில் எனக்கு உள்ள உரிமை, குடும்பங்கள் பல விதமாக இருக்கும் என்பது, தொந்தரவு நேர்ந்தால் நம்பகமான பெரியவரிடம் சொல்வது, இவைதான்.

பெயர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வீட்டில் எல்லோரும் அந்தரங்க உறுப்புக்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருப்போம். பொம்மை, பூ, பறவை என்று எதையாவது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆசிரியரிடம் வந்து "மாமா என் பூவைத் தொட்டாரு" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் என்ன நினைப்பார்? தலையில் வைத்த பூவைத்தான். "பரவாயில்லம்மா, வேற பூ வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். குழந்தை சொல்லியாகிவிட்டது, ஆனால் கேட்கப்படவில்லை. அடுத்த முறை அது சொல்லாமலே இருந்துவிடலாம். அதே குழந்தை 'பெண்குறி' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆசிரியர் தடுமாறியிருப்பார், ஆனால் கடந்து போயிருக்க முடியாது.

அடுத்து, நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பாடம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போடுவது வலிக்கும், ஆனால் அது தவறில்லை. தவறான தொடுதல் பல சமயம் வலிக்காது. விளையாட்டுபோல, கூச்சங்காட்டுவதுபோலத் தொடங்கும். உணர்வை வைத்துத் தீர்ப்புச் சொல் என்றால் சின்னக் குழந்தைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அமெரிக்க உளவியலாளர் சாண்டி வர்ட்டெலேயும் உடன் பணியாற்றியவர்களும் மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உணர்வை நம்பச் சொன்ன முறையைவிட, தெளிவான விதியைச் சொல்லித் தந்த முறையே நன்றாக வேலை செய்தது. விதி எளிது: நீச்சலுடை மறைக்கும் இடங்களைச் சுத்தம் செய்யவோ உடல்நலத்துக்காகவோ அல்லாமல் வேறு யாரும் தொடக்கூடாது, யார் தொட்டாலும் அதை ரகசியமாக வைக்கச் சொல்லக்கூடாது.

ரகசியம் என்பதையும் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது சர்ப்ரைஸ்; அது என்றைக்கு உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். "யாரிடமும் எப்போதும் சொல்லாதே" என்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடப் புரிய வைக்கலாம். அப்புறம், 'தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்லும் பாடம் பாதிப் பாடம்தான். குழந்தைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

சரி, இதற்கு ஆதாரம் இருக்கிறதா? பள்ளிகளில் நடந்த தடுப்புப் பாடங்கள் பற்றிய 24 ஆய்வுகளை, மருத்துவ, சமூக ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் குழு 2015இல் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் சுமார் 5,800 குழந்தைகள் பங்கேற்றிருந்தார்கள். பாடம் கேட்ட குழந்தைகளுக்கு அறிவும் தற்காப்புத் திறனும் கூடியிருந்தன, அச்சம் கூடவில்லை. ஆனால் பாடத்தால் துன்புறுத்தல் குறைந்ததா என்று அந்த ஆய்வுகளால் சொல்ல முடியவில்லை. இதைப் பாடத்தை ஆதரிப்பவர்கள் சில நேரம் விழுங்கிவிடுகிறார்கள், விழுங்கத் தேவையில்லை. பெரியவர் செய்யும் குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பை ஆறு வயதுக் குழந்தையின் தலையில் போட முடியாது. நடந்தால் சொல்ல முடிகிற நிலைக்குக் குழந்தையைக் கொண்டுவருவதே இந்தப் பாடத்தால் நேரடியாக ஆகக்கூடியது.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் கேள்வி வேறு: 'சொல்லித் தந்தால் தூண்டிவிட்டதாகாதா?' 2018 வழிகாட்டிக்காகத் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. பாலியல் கல்வி பாலுறவையோ ஆபத்தான நடத்தையையோ கூட்டவில்லை. 'திருமணம் வரை வேண்டாம்' என்று மட்டும் போதிக்கும் திட்டங்கள்தான் பலன் தரவில்லை.

சீக்கிரம் தொடங்குவதற்கு உடல் காரணம் ஒன்றும் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு மார்பு வளர்ச்சி 8 வயதிலிருந்தே தொடங்கலாம். ஆண் குழந்தைகளுக்குப் பருவமாற்றம் 9 வயதிலிருந்து தொடங்கலாம். மாதவிடாய்ப் பாடத்தை 13 வயதில் நடத்தினால் வகுப்பில் பலருக்கு அது முதல் மாதவிடாய்க்குப் பின் வரும் பாடம். அதனால்தான் மாதவிடாய் பற்றிய பாடம் 9 முதல் 12 வயதுப் படியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இதை நடத்துவது இன்னொரு பிழை. வெளியே நிற்பவர்கள்தான் பிறகு கேலி செய்கிறார்கள்.

உங்கள் பள்ளியில் நடப்பது உருப்படியானதா என்று அறியச் சில கேள்விகள் கேட்கலாம். வருடத்தில் ஒரு நாள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறாரா, பல வாரம் நடக்கிறதா? குழந்தைகள் 'வேண்டாம்' என்று சொல்லி, எழுந்துபோய், ஒருவரிடம் சொல்வதை நடித்துப் பழகுகிறார்களா, படம் மட்டும் பார்க்கிறார்களா? இவற்றைவிட முக்கியமானது, ஒரு குழந்தை வந்து சொன்னால் ஆசிரியர் என்ன செய்வார் என்பது. ரகசியமாக வைப்பேன் என்று வாக்குத் தரக்கூடாது. துருவித் துருவிக் கேள்வி கேட்டுக் குழந்தையின் வாயில் சொல்லைப் போடக்கூடாது. சொன்ன சொற்களை அப்படியே எழுதிவைத்து, சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவரிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பள்ளியில் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், 'பெரியவரிடம் போய்ச் சொல்' என்று வகுப்பில் சொல்லித் தருவது எந்தப் பெரியவரை நினைத்து என்று அடுத்து கேளுங்கள்.