கோப்பி ஐஸ்கட்டி ஏன் முதலில் கறுப்பாக உருகுகிறது?

மலையகத்தில் ஐஸ் கோப்பி தினம் குடிக்கும் பானம் இல்லை. சித்திரை விடுமுறைக்கோ தீபாவளிக்கோ கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது செய்வோம். காலையில் ஜக் நிறையப் போட்ட கோப்பியில் பாதி மிஞ்சிக் கிடக்கும். மத்தியானம் அதில் ஐஸ் போட்டுக் கொடுத்தால், பேசிக்கொண்டே குடிப்பவரின் கிளாஸில் கடைசி மூன்று வாய் வெறும் சாயத்தண்ணியாக இருக்கும். மிஞ்சிய கோப்பியையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்பது பல வீடுகளில் தெரிந்த உபாயம்தான். ஆனால் அந்தக் கட்டிக்குள் நடப்பது தெரிந்தால் உபாயம் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

முதலில், ஐஸ் எவ்வளவு தண்ணீரைக் கலக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை செல்சியஸ் குளிர ஒரு கலோரி வெப்பத்தை விடவேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வேண்டும். ப்ரீசரிலிருந்து மைனஸ் 18 பாகையில் எடுத்த ஐஸ், பூச்சியத்துக்கு வர இன்னும் 9 கலோரி எடுக்கும். உருகிய தண்ணீர் 5 பாகைக்கு ஏற இன்னொரு 5. ஆக, ஒவ்வொரு கிராம் ஐஸும் பானத்திலிருந்து ஏறக்குறைய 94 கலோரியை இழுக்கிறது.

ஹட்டனில் ஒரு வீட்டுக்குள் 20 பாகையில் இருக்கும் 200 மில்லிலீற்றர் கோப்பியை எடுத்துக்கொள்வோம். அதை 5 பாகைக்குக் கொண்டுவர 3000 கலோரி வெளியே போகவேண்டும். அதற்கு 32 கிராம் ஐஸ் உருகினால் போதும். சாதாரணத் தட்டின் கட்டி ஒன்று 20 கிராம் என்றால், ஒன்றரைக் கட்டி. அதே கோப்பி கொழும்பில் 30 பாகையில் இருந்தால் 53 கிராம் உருகும். அடுப்பிலிருந்து இறக்கி 80 பாகையில் இருக்கும்போதே ஐஸில் ஊற்றினால் 160 கிராம், அதாவது எட்டுக் கட்டி கரைந்து போகும். 200 மில்லிலீற்றர் கோப்பிக்குள் 160 கிராம் தண்ணீர்! கோப்பியின் கடுப்பு பாதிக்குச் சற்று மேலேதான் மிஞ்சும். கோப்பியை முதலில் ஆறவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான். எந்த ஐஸ் போட்டாலும் இதுதான் முதல் வேலை.

கோப்பிக் கட்டி தண்ணீர் ஐஸை விட அதிகமாகவும் குளிர்விக்காது, குறைவாகவும் குளிர்விக்காது. நூறு பங்கில் ஏறத்தாழ 98 பங்கு அதுவும் தண்ணீர்தான். உருகும் அளவும் அதேதான். உருகி வருவது மட்டும் கோப்பியாக இருக்கிறது. எனவே கட்டியின் கடுப்பும் கிளாஸில் உள்ள கோப்பியின் கடுப்பும் ஒன்றாக இருந்தால் சுவை மாறாது. கட்டி வெளிறிய கோப்பியில் செய்ததென்றால் அதுவும் நீர்த்துப்போகவே வைக்கும். பால் சேர்த்த ஐஸ் கோப்பியில் கதை எதிர்ப்பக்கம் போகும். 100 மில்லிலீற்றர் பாலும் 100 மில்லிலீற்றர் கோப்பியும் கலந்த கிளாஸில் 50 கிராம் கோப்பிக் கட்டி உருகினால், பாலின் பங்கு பாதியிலிருந்து ஐந்தில் இரண்டாகக் குறையும். குடிக்கக் குடிக்கக் கறுத்துக்கொண்டே வரும். அப்படிப்பட்ட கிளாஸைத் தொடக்கத்தில் பால் தூக்கலாகவே கலக்கவேண்டும்.

சரி, இனி கட்டிக்குள் போவோம். ஒரு கோப்பிக் கட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரம் வெளிறியும் நடு கறுத்தும் இருக்கும். அதை வெள்ளைப் பீங்கானில் வைத்துவிட்டு வந்தால், முதலில் வடிவது கரிய சாறு. கடைசியில் மிஞ்சுவது மங்கலான, கிட்டத்தட்ட நிறமற்ற ஐஸ். சின்ன வயதில் ஐஸ் பக்கட்டை உறிஞ்சியவர்களுக்கு இது தெரிந்த காட்சி: இனிப்பும் சிவப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெள்ளை ஐஸ்.

காரணம் ஐஸ் பளிங்கின் கட்டமைப்பு. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் கைகோத்து நிற்கின்றன. அந்த வரிசைக்குள் கோப்பியின் கசப்புக்கோ, அமிலத்துக்கோ, சீனிக்கோ இடமில்லை. பளிங்கு வளர வளர அவற்றை வெளியே தள்ளுகிறது. தட்டின் ஓரத்தில் உறைதல் தொடங்குவதால், தள்ளப்பட்டவை எல்லாம் நடுவில் ஒதுங்குகின்றன. பளிங்குகளுக்கு இடையிலான நுண்ணிய சந்துகளிலும் அடர்ந்த சாறாகத் தேங்குகின்றன. ஏதாவது கரைந்திருக்கும் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும். அதனால் சூடு ஏறும்போது தூய ஐஸுக்கு முன்பே அந்தச் சந்துகள் இளகி, சாறு வடிந்து வெளியேறுகிறது.

எனவே குளிர்ந்த கோப்பியில் போட்ட கட்டி தன் கடுப்பை ஒரே சீராக விடுவதில்லை. மெதுவாகக் குடிப்பவருக்குக் கடைசியில் வருவது வெளிறிய பங்கு. முழுதும் உருகினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நடுவில் இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். கலக்கிக் குடித்தால் குறையும். விரைவாக உறையவைத்தால் இன்னும் குறையும். வேகமாக வளரும் பளிங்குக்கு எல்லாவற்றையும் தள்ள நேரமில்லை, கோப்பி ஆங்காங்கே சிறைப்பட்டு பரவலாக நின்றுவிடும். அதற்குச் சிறிய குழிகள் கொண்ட தட்டு நல்லது. கோப்பியை முதலில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைத்து, பிறகு ப்ரீசரின் அடித்தளத்தில் நேரே படும்படி வையுங்கள். இறைச்சிப் பொதிக்கு மேல் அடுக்கினால் உறைய நேரமெடுக்கும். உறையும்போது பத்தில் ஒரு பங்களவு பருக்கும் என்பதால் குழியை விளிம்புவரை நிரப்பவேண்டாம்.

எல்லா மிச்சமும் இதற்கு உதவாது. பிளாஸ்கில் காலையிலிருந்து சூடாகக் கிடந்த கோப்பியில் சூட்டாலேயே குயினிக் அமிலம் போன்றவை கூடிவிடும். அந்தப் புளிப்பும் கசப்பும் உறைந்தாலும் போகாது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஆறிய நிலையில் நாக்கைச் சுருக்கினால் அதை விட்டுவிடலாம். நம் ஊர்ப்பக்கம் தோட்டக்கரையில் நிற்கும் நாலு கோப்பிச் செடியில் பறித்து, வறுத்து, இடித்த தூள் என்றால் மண்டி அதிகம். தெளிவை மட்டும் மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். பால் சேர்த்து வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததை உறையவைக்கக் கூடாது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்தி மட்டும் வைக்கும். சீனியோ டின் பாலோ அதிகம் போட்ட கோப்பி கல்லாக இறுகாது, குழைவாகவே நிற்கும். எனவே சீனி போடாத வெறுங்கோப்பியை உறையவைத்து, இனிப்பைக் கிளாஸில் சேர்ப்பதே என் விருப்பம்.

உறைந்த கட்டிகளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். திறந்த தட்டில் கிடந்தால் மீன் வாடையை இழுத்துக்கொள்ளும், மேற்பரப்பும் காய்ந்து சுருங்கும். அப்புறம், மழைக்காலத்தில் நீண்ட நேரம் கரண்ட் போனால் கட்டி பாதி இளகி மறுபடி உறையும். கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, டப்பாவின் அடியில் கரிய பாளமும் மேலே வெளிறிய துண்டுகளும் நின்றால் அதுதான் நடந்திருக்கிறது: சாறு வடிந்து கீழே போய்விட்டது. வெறுங்கோப்பி என்றால் வீசத் தேவையில்லை. முழுவதையும் உருக்கிக் கலக்கி, மறுபடி தட்டில் ஊற்றினால் கடுப்பு பழையபடி சமமாகிவிடும்.