“ஆனா அது உண்மைதானே மிஸ்?”

பத்தியைப் படித்து விடையளிக்கும் காம்ப்ரிஹென்ஷன் பயிற்சித் தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளை இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்துவிடும். போன வாரம் வந்தவன் வகுப்பிலேயே நிறையப் படிக்கிறவன். அன்று சாயங்காலமே அவன் அம்மாவும் போன் செய்தார். “அவன் எழுதினது சரிதானே டீச்சர், நான்கூடத் தேடிப் பார்த்தேன்.” ஆமாம், அவன் எழுதியது உண்மை. மார்க் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாகும் என்று அவரிடம் அரைமணி நேரம் விளக்கிய பிறகுதான் இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. இனி யாராவது கேட்டால் நீட்டிவிடலாம்.

பத்தி இதுதான். சொல்வதற்கு வசதியாக வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்.

(1) ஒட்டகம் பல நாட்கள் நீர் அருந்தாமல் இருக்கக்கூடிய விலங்கு. (2) அதன் திமிலில் சேர்ந்திருப்பது கொழுப்பு, இரை கிடைக்காத நாட்களில் அந்தக் கொழுப்பு கரைந்து உடலுக்கு ஆற்றல் தருகிறது. (3) பகலில் வெயில் ஏற ஏற ஒட்டகத்தின் உடல் வெப்பநிலையும் மெல்ல உயர்கிறது, இரவில் அது மீண்டும் தணிகிறது. (4) இதனால் பகலில் அதற்கு வியர்ப்பது குறைவு, உடலிலுள்ள நீர் மிச்சமாகிறது. (5) பல நாள் தாகத்துக்குப் பின் நீரைக் கண்டால் சில நிமிடங்களில் 100 லிட்டர் வரைகூடக் குடித்துவிடும்.

கேள்வி: இப்பத்தியின்படி, ஒட்டகத்தின் உடலிலிருந்து நீர் வெளியேறுவது குறையக் காரணம் என்ன?

அ) திமிலில் நீரைச் சேமித்து வைப்பது
ஆ) மூச்சோடு வெளியேறும் ஈரத்தை மூக்கிலேயே பிடித்துக்கொள்வது
இ) பகலில் உடல் வெப்பநிலை உயர்வது
ஈ) நீரைக் கண்டதும் ஏராளமாகக் குடிப்பது

நம் ஆள் எழுதியது ஆ. ஏதோ ஆவணப்படத்தில் பார்த்திருக்கிறான். ஒட்டகம் மூச்சு விடும்போது அதன் மூக்கின் உட்புறம் ஈரத்தை ஓரளவு திரும்பப் பிடித்துக்கொள்கிறது, அது அறிவியல் உண்மை. ஆனால் இந்த ஐந்து வாக்கியங்களில் மூக்கு எங்கே இருக்கிறது? மூச்சு எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. காம்ப்ரிஹென்ஷன் என்பது பொது அறிவுத் தேர்வு என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், பெற்றோரும் நினைக்கிறார்கள். ஒட்டகத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டுமானால் ஒட்டகத்தைப் பற்றி எழுது என்றே கேட்டிருப்போமே, வேலை மெனக்கெட்டு ஒரு பத்தியை எதற்கு அச்சடிக்கிறோம்? கேட்கப்படுவது ஒட்டகம் என்ன செய்கிறது என்பதல்ல, ஒட்டகம் என்ன செய்வதாக இந்த எழுத்து சொல்கிறது என்பது. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு உலகம் சாட்சி. இரண்டாவதற்கு அந்த ஐந்து வாக்கியங்கள் மட்டுமே சாட்சி. பத்தியில் நாளைக்கே ஒட்டகம் திமிலில் நீரைச் சேமிக்கிறது என்று ஒருவர் தவறாக எழுதி, “பத்தியின்படி” என்று கேட்டால், தவறு என்று தெரிந்தும் அதைத்தான் விடையாக எழுத வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பொய்யை எழுதச் சொல்வதுபோல. பொய் இல்லையம்மா. “அவர் இப்படிச் சொன்னார்” என்று சொல்வது நாம் அதை நம்புகிறோம் என்று ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே வந்து சொல்லு என்று அனுப்பினால், அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு “ஆனா அது உண்மைதானே” என்று நிற்பாயா?

சரி, மற்ற மூன்று தெரிவுகளையும் பார்த்துவிடுவோம். கேள்வி எழுதுகிறவர்கள் தவறான விடைகளைச் சும்மா போடுவதில்லை. அ என்பது பரவலான தவறான நம்பிக்கை. பத்தியைப் படிக்காமல் விடையளிக்கிறவருக்கு வைத்த வலை. வாக்கியம் 2 அதை நேரடியாக மறுக்கிறது. ஈ அதைவிடத் தந்திரமானது. அதற்கு வாக்கியம் 5-இல் வரியே இருக்கிறது, சொற்கள்கூடக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. ஆனால் அது நீர் உள்ளே போவதைப் பற்றிய வரி. கேட்டது வெளியேறுவதைப் பற்றி. பத்தியில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, கேட்டதற்குப் பதிலாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘பத்தியில் தேடு’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் விழுவது ஈ-யில்தான்.

விடை இ. அதற்கான சான்று ஒரே வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வியர்ப்பது குறைவு, நீர் மிச்சம் என்பது 4-இல் இருக்கிறது. காரணம் 3-இல் இருக்கிறது. இரண்டையும் கட்டிவைத்திருப்பது ‘இதனால்’ என்ற ஒரு சொல். ‘இதனால்’ என்றால் எதனால் என்று கேட்டு ஒரு வாக்கியம் பின்னால் போகிறவருக்கு விடை கையில் கிடைக்கும். இதனால், ஆகவே, ஆனால், இருப்பினும் போன்ற சொற்களைப் பார்த்தால் பேனாவை நிறுத்துங்கள். பெரும்பாலும் சான்றின் மூட்டு அங்கேதான் இருக்கும்.

நான் வகுப்பில் கட்டாயமாக்கியிருக்கும் பழக்கம் ஒன்றுதான். விடைக்குப் பக்கத்தில் வாக்கிய எண்ணை எழுது. எண் எழுத முடியாத விடையை நான் திருத்த மாட்டேன். மேலே உள்ள கேள்விக்கு ‘இ (3, 4)’ என்று வரவேண்டும். நம் ஆளிடம் ‘ஆ’வுக்குப் பக்கத்தில் எண் போடச் சொன்னேன். பேனாவை 1-இலிருந்து 5 வரை நகர்த்திவிட்டு, “4-ஆ இருக்குமோ?” என்றான். அந்த ‘இருக்குமோ’ வந்தாலே விடை தலைக்குள்ளிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். எண் போட்ட பிறகு இன்னொரு சோதனையும் உண்டு. எண் போட்ட வாக்கியங்களை மட்டும் திறந்து வைத்து மற்றதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைப் பற்றி எதுவுமே கேள்விப்படாத ஒருவர் இதை மட்டும் படித்தால் உங்கள் விடைக்கு வருவாரா? வந்தால் சான்று. வரமாட்டார் என்றால் நீங்கள் கொஞ்சம் கைச்சரக்கைச் சேர்த்திருக்கிறீர்கள்.

நன்றாகத் தெரிந்த தலைப்பு வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பத்தியைப் படிக்கும் முன்னரே விடை தோன்றிவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒரு சின்ன நட்சத்திரம் போட்டுவைத்துக் கடைசியில் மறுபடி பாருங்கள். தெரியாத தலைப்பில் பிள்ளைகள் பயந்துகொண்டு வரிவரியாகப் படிப்பதால் ஒழுங்காக மார்க் வாங்குவதும், தெரிந்த தலைப்பில் கோட்டை விடுவதும் நான் அடிக்கடி பார்க்கிற கூத்து.

(ஆசிரியர்களுக்கு மட்டும்: பழி முழுவதும் பிள்ளைகள்மேல் இல்லை. பத்தியைப் படிக்காமலே விடையளிக்கக்கூடிய கேள்விகளை நாமும் எழுதுகிறோம். 1990-இல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் வாசிப்புக் கேள்விகளைப் பத்தி கொடுக்காமலே மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து தெரிவுகள் என்றால் குருட்டாம்போக்கில் ஐந்தில் ஒன்று சரியாக வரவேண்டும். அதைவிடத் தெளிவாகவே அதிகம் வந்தது. கேள்வியை எழுதியதும் பத்தியை மறைத்துவிட்டு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள்.)

அப்புறம் அந்த ‘கூறப்படவில்லை’. ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வுகளில் சரி, தவறு, கூறப்படவில்லை என்று மூன்று இருக்கும். “மற்ற எல்லா விலங்குகளையும்விட ஒட்டகம் அதிக நாள் நீரின்றி இருக்கும்” என்று கொடுத்தேன். பாதிப் பேர் ‘தவறு’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் காரணமும் எழுதியிருந்தாள்: கங்காரு எலி நீர் குடிக்காமலே வாழும். உண்மைதான் கண்ணே, பத்தியில் எலி இல்லையே. ‘தவறு’ என்று எழுத வேண்டுமானால் அந்தக் கூற்றோடு மோதுகிற ஒரு வாக்கியம் பத்தியில் இருக்க வேண்டும். திமிலில் நீர் என்றால் வாக்கியம் 2 மோதும், அதனால் அது தவறு. இங்கே மற்ற விலங்குகளோடு ஒப்பீடே இல்லை. துணைக்கு வரவும் வரி இல்லை, மோதவும் வரி இல்லை. அதனால் கூறப்படவில்லை. ‘எல்லா’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’ என்று கூற்றில் வந்தால் பத்தியிலும் அதே கனத்தில் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பல நாட்கள்’ என்பது ‘எல்லாவற்றையும்விட அதிக நாள்’ ஆகாது.

இவ்வளவு சொன்னதும் சிலர் எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை இல்லாவிட்டால் எல்லாமே கூறப்படவில்லை என்று எழுதுகிறார்கள். அதுவும் தப்பு. “நெடுநாள் இரை கிடைக்காத ஒட்டகத்தின் திமில் சிறுத்துப்போகும் என்று ஊகிக்கலாமா?” என்று கேட்டால், ஊகிக்கலாம். கொழுப்பு கரைகிறது என்று வாக்கியம் 2 சொல்கிறது. கரைந்தால் அளவு குறையும் என்பது மொழி தெரிந்த எவருக்கும் தெரியும். மூக்கின் சங்கதி அப்படிப்பட்டதல்ல, அதை எங்கேயாவது படித்திருந்தால்தான் தெரியும். ஊகத்தின் ஒரு கால் பத்தியின் ஒரு வாக்கியத்தில் ஊன்றியிருக்க வேண்டும், மறு கால் எல்லோருக்கும் பொதுவான நடைமுறை அறிவில். எல்லை எப்போதும் பளிச்சென்று தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் எண் போட முடிகிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். வீட்டில் சொல்லிக் கொடுக்கும்போது “இது உண்மையா?” என்று போனில் தேடாதீர்கள். “எந்த வரியில் இருக்கு?” என்று கேளுங்கள். நேரம் போதாது என்று பிள்ளை சொல்லும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 60 நிமிடத்துக்கு 40 கேள்விகள், ஆகக் கேள்விக்கு ஒன்றரை நிமிடம், அதிலேயே படிக்கும் நேரமும் அடக்கம். நெருக்கடிதான். அதனால்தான் வீட்டில் பழக்கிக்கொள்ளச் சொல்கிறேன். முதல் சில தாள்கள் ஆமை வேகத்தில் போகும், திட்டாமல் விடுங்கள்.

நம் ஆளுக்கு நான் மார்க் போடவில்லை. ஆனால் நேற்று அதே தாளின் கடைசிக் கேள்வியோடு மறுபடியும் வந்தான். “இரவில் குளிர்ந்த காற்றுப் பட்டு ஒட்டகத்தின் உடல் வெப்பம் தணிகிறது” என்ற கூற்று. விடைக்குறிப்பில் நான் ‘சரி’ என்று எழுதியிருந்தேன். “காத்துன்னு எந்த வரியில இருக்கு மிஸ்?” என்றான். வாக்கியம் 3-ஐ இரண்டு தடவை படித்தேன். இரவில் தணிகிறது, அவ்வளவுதான் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து விடைக்குறிப்பைத் திருத்திவிட்டு, எல்லோருடைய தாளையும் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன்.