கீற்றோன்: சீனியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய புளிப்பு

"பிள்ளை, இவன் கள்ளுக் கிள்ளுக் குடிச்சிட்டு வந்தவனோ? வாய் ஒரு மாதிரி மணக்குது."

அம்மம்மா இதைக் கேட்டது என் அக்காவிடம். சந்தேகம் அக்காவின் மகன், என் மருமகன் மேல். பதினேழு வயது, இரண்டு வருடமாக இன்சுலின் போடுகிறவன். முதல் நாள் பின்னேரத்தில் இருந்து காய்ச்சல், இரவில் நாலைந்து தரம் சத்தி, விடிய எழுப்பினால் அரைக்கண்ணில் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறான். அவன் கள்ளைத் தொட்டதே இல்லை. ஆனாலும் கிழவி பிடித்த மணம் பொய்யில்லை. அந்த மணத்தின் பெயர்தான் நாங்கள் பார்க்கப்போகும் சொல்லுக்குள் இருக்கிறது.

கீற்றோன் என்பது எங்கள் இரசாயனவியல் பாடநூல்களின் எழுத்து. தமிழ்நாட்டில் கீட்டோன் என்பார்கள். மீற்றர், பற்றறி என்று எழுதிப் பழகிய கைக்கு 'ற்ற' இயல்பாக வரும், அவ்வளவுதான். இணையத்தில் தேடுகிறவர்கள் இரண்டையும் அடித்துப் பார்ப்பது நல்லது.

சொல் பிறந்தது ஜெர்மன் மொழியில். 1848இல் இரசாயனவியலாளர் லியோபோல்ட் க்மெலின், கீற்றோன்களில் ஒன்றான அசற்றோனுக்கு அப்போது இருந்த 'அகெற்றோன்' என்ற பெயரின் முதலெழுத்தை வெட்டி 'கெற்றோன்' ஆக்கினார். அசற்றோனோ 'அசெற்றும்' என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அசெற்றும் என்றால் வினாகிரி, பழைய தமிழில் காடி.

சரி, குளுக்கோஸ்? அது 1838இல் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். வேர், அப்போதுதான் பிழிந்த இனிப்பான திராட்சைச் சாற்றைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். ஆக ஒன்று புதுச்சாறு, மற்றது புளித்துக் காடியானது. எங்களூர்க் கணக்கில் குளுக்கோஸைக் கருப்பநீர் என்றும் கீற்றோனைப் புளித்த கள்ளில் எடுத்த வினாகிரி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. உடம்பில் சீனி புளித்துக் கீற்றோன் ஆவதில்லை. கீற்றோன் வருவது கொழுப்பில் இருந்து. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி நிரம்பி நின்றாலும் தசைகளுக்குள் போதிய அளவு போகாது. உடம்பு பட்டினி கிடக்கிறதாக நினைத்துக் கொழுப்பைக் கரைக்கும், ஈரல் அதைக் கீற்றோன்களாக மாற்றி விடும். அவை அமிலத்தன்மை உள்ளவை. கூடினால் இரத்தமே புளிக்கத் தொடங்கும். சத்தி, வயிற்றுக்குத்து, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, மயக்கக் களை எல்லாம் அதனால் வருபவை. அசற்றோன் மூச்சில் வெளியேறும்போது வருவதுதான் அம்மம்மா பிடித்த மணம். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரை மணந்தவர்களுக்குத் தெரியும்.

மருமகனுடைய கொப்பியில் இருந்த எண்கள்: மாலை 7 மணிக்கு 278, இரவு 10 மணிக்கு 315, விடிய 5 மணிக்கு 342. எல்லாம் இங்கே வழமையான மில்லிகிராம் கணக்கு. 278ஐப் பார்த்ததும் அக்கா நினைத்தது, காய்ச்சலுக்குச் சீனி ஏறத்தானே செய்யும் என்று. அது உண்மைதான். பிழை அடுத்ததில் நடந்தது. "சாப்பிடாதவனுக்கு ஊசி போட்டால் சீனி விழுந்திடும்" என்று இரவு இன்சுலினை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு இன்சுலின் கூடத் தேவைப்படும். சாப்பாடு இறங்காவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவது குறைப்பதை வைத்தியர் சொல்ல வேண்டும்.

குளுக்கோமீற்றரில் 315 என்பது சீனி எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் சொல்லும். அதே 315, விருந்து வீட்டில் இரண்டு தரம் பாயாசம் குடித்தவனுக்கும் வரலாம், இன்சுலின் அற்றுப்போய்க் கொழுப்பு கரைகிறவனுக்கும் வரலாம். கீற்றோனை மட்டும் பார்த்தாலும் பிழையாகிவிடும். கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடக்கிற சுகதேகியின் சிறுநீரில் நனைத்தாலும் கீற்றோன் பார்க்கிற பட்டை நிறம் மாறும், அதில் பயமில்லை. சீனி 250க்கு மேல் இறங்காமல் நின்று, ஆளுக்கும் சுகமில்லை என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்மசி திறந்ததும் அத்தான் சிறுநீர்ப் பட்டை வாங்கி வந்தார். நனைத்து, டப்பாவில் போட்டிருந்தபடி 15 செக்கன் பொறுத்துப் பார்த்தால் வெளிர்நிறப் பஞ்சு ஊதாவாக மாறியிருந்தது. டப்பாவின் நிறக்கட்டத்தோடு ஒப்பிட இரண்டு பிளஸ். இரண்டு பிளஸோடு சத்தியும் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது. 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தத்தில் பார்த்த கீற்றோன் 4.6. இந்த எண் மில்லிமோல் கணக்கு. 0.6க்குக் கீழே இருந்தால் சரி. 1.5 வரை என்றால் தண்ணீர் குடித்து, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பப் பார்க்கலாம். அதற்கு மேல் வைத்தியரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது, 3 தாண்டினால் அவசரம். சேலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு கூத்து. இரத்தத்தில் கீற்றோன் 0.9க்கு இறங்கிவிட்டது, பெடியன் தேத்தண்ணி கேட்கிறான். அக்கா கையில் மிச்சமிருந்த பட்டையில் பார்த்துவிட்டு, முந்தின நாளை விடக் கறுப்பாக இருக்கிறது என்று அழத் தொடங்கிவிட்டாள்.

அதற்குக் காரணமும் சொல்லிலேயே இருக்கிறது. கீற்றோன் என்று கூட்டாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவர் மூவர்: அசற்றோன், அசற்றோஅசற்றேற்று, பீற்றா ஐதரொட்சிபியூற்றிரேற்று. மூன்றாவது பெயர் வாயில் நுழையாது. ஆனால் ஆபத்து நேரத்தில் அதுதான் மிகக் கூட இருப்பது, இரத்த மீற்றர் அளப்பதும் அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், இரசாயனப்படி அது கீற்றோனே இல்லை. சிறுநீர்ப் பட்டை அதைக் காணாது, இரண்டாவதைத்தான் காணும். சுகமாகும்போது மூன்றாவது இரண்டாவதாக மாறும், அதனால் பட்டை இன்னும் கறுக்கும். வருத்தத்தின் தொடக்கத்திலோ பட்டை நிலைமையைக் குறைத்துக் காட்டக்கூடும். திறந்து மாதக்கணக்கான டப்பா என்றால் நிறமே மாறாமலும் போகலாம். அதனால் பட்டை வெளிறி இருந்தாலும் ஆள் சத்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களுக்குச் சீனி 250ஐத் தொடாமலே கீற்றோன் ஏறலாம். அவர்கள் சுகமில்லாத நேரத்தில் மீற்றர் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இனித் தமிழ்ச் சொல். 'கீற்றோன் உடல்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அங்கே பொருள் என்ற அர்த்தத்தில் நிற்கிறது, கையும் காலும் உள்ள உடலாக அல்ல. 'கீற்றோன் பொருட்கள்' போதும். அவை கூடி இரத்தம் புளிக்கிற நிலையைக் 'கீற்றோன் அமிலமிகை' என்று எழுதலாம். அமிலம் என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் வடசொல்லில் இருந்து வந்ததுதான். கீற்றோனுக்கே தனித்தமிழில் ஒன்று ஆக்கத்தான் வேண்டுமா? காடி என்ற வேரில் ஏதாவது கட்டலாம், ஆனால் பார்மசியில் போய் அதைக் கேட்டால் ஊறுகாய்க் கடையைக் காட்டுவார்கள்.

அம்மம்மாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: "கள்ளில்லை அம்மம்மா, இரத்தம் புளிச்சது." அவ விளங்கிக்கொண்டா. ஆனாலும் பெடியன் வீட்டுக்கு வந்த அன்று அவனைக் கிட்டக் கூப்பிட்டு வாயை மணந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டா.